டெலிவரி ரைடரின் டிரிப் லாக்கைச் சரிபார்ப்பது: அடிக்கடி வரும் சந்தேகங்களும் பதில்களும்

சென்னையில் ஒரு பார்சல் ஹப்பில் ரைடர்களின் டிரிப் லாக்கைச் சரிபார்க்கும் வேலை எனக்கு. ரூட், நேரம், ஓய்வு என்று மூன்று விதிகள்: சொன்ன ரூட்டில் போக வேண்டும், வாக்குக் கொடுத்த நேரத்துக்குள் பார்சலைக் கொடுக்க வேண்டும், நான்கு மணி நேர வேலைக்குப் பிறகு ஒரு மணி நேர ஓய்வு வேண்டும். எந்த விதி எந்த நொடியில் மீறப்பட்டது என்று பட்டியல் கொடுக்க வேண்டும். சூப்பர்வைசர்கள், புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள், ரைடர்கள் எல்லோரும் திரும்பத் திரும்ப ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றை அவர்கள் கேட்டபடியே கீழே கொடுத்திருக்கிறேன். இங்கே சொல்வதெல்லாம் சம்பளத்துக்கு வேலை செய்யும் சொந்த ரைடர்கள் இருக்கும் ஹப்புக்கானது.

லாக்ல ஆயிரக்கணக்குல வரி இருக்கே, இதுல எதைத்தான் பாக்குறது?

ஒவ்வொரு வரியிலும் நான்கு விஷயங்களைப் பார்த்தால் போதும்: நேரம், ரூட்டிலிருந்து எவ்வளவு தூரம் விலகியிருக்கிறார், அந்த இடக்குறிப்பு எவ்வளவு துல்லியம், அப்போது என்ன நடந்தது. போன் 30 நொடிக்கு ஒருமுறை இடத்தைப் பதிகிறது. ரைடர் ஏதாவது பொத்தானை அழுத்தினாலோ பார்சலை ஸ்கேன் செய்தாலோ அதற்குத் தனி வரி வரும்.

வெறும் இட வரிகள் ரூட் விதிக்கு. ஸ்கேன், டெலிவரி வரிகள் நேர விதிக்கு. ஓய்வு விதிக்கு மட்டும் இரண்டும் சேர்ந்து வேண்டும். லாக்கை மேலிருந்து கீழே ஒரே மூச்சில் படிக்காமல், விதிக்கு ஒருமுறை என்று மூன்று தடவை ஓட்டிப் பாருங்கள். ஒரே ஓட்டத்தில் மூன்றையும் பார்க்கப் போனால் ஓய்வுக் கணக்குதான் முதலில் தப்பும்.

ஒன்பது மணிக்குக் கிளம்புன ஆளுக்கு 3:38-னு காட்டுது. லாக் கெட்டுப்போச்சா?

இல்லை. லாக் உலகப் பொது நேரத்தில் பதிவாகிறது. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால் இருப்பதால் 5:30 கூட்ட வேண்டும். எக்செல் என்றால் பக்கத்துக் கட்டத்தில் இதைப் போடுங்கள்:

```
=A2+TIME(5,30,0)
```

தேதியும் நேரமும் ஒரே கட்டத்தில் இருக்கட்டும். விடிகாலை 4:30-க்குக் கிளம்பும் ரைடரின் முதல் வரி லாக்கில் முந்தின நாள் 23:00 என்று இருக்கும். நேரத்தை மட்டும் வெட்டி எடுத்தால் அந்த வரி வேறு நாளின் கணக்கில் போய் உட்காரும். அப்புறம் அவருடைய வேலை நேரம் ஒரு மணி குறைந்துவிடும். முதலில் நேரத்தை மாற்றுங்கள், அதற்குப் பிறகுதான் நாள் வாரியாகப் பிரிக்க வேண்டும்.

ரூட்டை விட்டு விலகிட்டார்னு எப்போ முடிவு பண்றீங்க? ஒரு வரி வெளிய போனா போதுமா?

போதாது. போன் சொல்லும் இடம் ஒரு புள்ளி போலத் தெரிந்தாலும் உண்மையில் அது ஒரு வட்டம். லாக்கில் `acc_m` என்ற எண் அந்த வட்டத்தின் ஆரம், மீட்டரில். ஆண்ட்ராய்டு போன்களில் ரைடர் அந்த வட்டத்துக்குள் இருக்கும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். சௌகார்பேட்டை மாதிரி ஒடுங்கிய தெருவில் சிக்னல் கட்டடத்தில் பட்டுத் திரும்பி வரும்போதும், அடுக்குமாடியின் கீழ்த்தள பார்க்கிங்கில் நிற்கும்போதும் வட்டம் பெரிதாகிவிடும்.

அதனால் விலகிய தூரத்திலிருந்து `acc_m` எண்ணைக் கழிக்கிறேன். மிச்சம் 200 மீட்டருக்கு மேல் இருக்க வேண்டும், அதுவும் அடுத்தடுத்து மூன்று வரிகளில். அப்போதுதான் அது ரூட் மீறல். 640 மீட்டர் விலகல் என்று ஒரு வரி மிரட்டும். பக்கத்தில் துல்லியம் 850 மீட்டர் என்று இருக்கும். அந்த வரி எதையும் நிரூபிக்கவில்லை. 200 என்பது எங்கள் ஹப்பில் வைத்துக்கொண்ட அளவு. தெருக்கள் அகலமான ஊரில் கூட்டிக்கொள்ளலாம், ஆனால் மாதத்துக்கு ஒரு அளவு என்று மாற்றக் கூடாது.

டீக்கடையில கால் மணி நேரம் நின்னா அது பிரேக் இல்லையா? கஸ்டமர் வீட்டு வாசல்ல நிக்கிறது?

வாசலில் நிற்பது வேலைதான். செக்யூரிட்டி கேட்டைத் திறக்கும் வரை, கஸ்டமர் ஓடிபி சொல்லும் வரை ரைடர் பார்சலுக்குப் பொறுப்பாக நிற்கிறார். வண்டி நகரவில்லை என்பதை மட்டும் வைத்து அதை ஓய்வில் சேர்ப்பது அநியாயம். இப்படித் துண்டு துண்டாகச் சேர்த்து ‘தினமும் ஒன்றரை மணி நேரம் ஓய்வு எடுக்கிறார்கள்’ என்று காட்டும் அறிக்கைகள் உண்டு. அவற்றை நம்பாதீர்கள்.

ஓய்வு என்று எழுத மூன்று சேர வேண்டும்: ரைடர் `BREAK_ON` அழுத்தியிருக்க வேண்டும், வண்டி ஒரே இடத்தில் நிற்க வேண்டும், அந்த நேரத்தில் ஸ்கேன் எதுவும் இருக்கக் கூடாது. ஒரே இடம் என்றால் 50 மீட்டர் வட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிற்கும் வண்டிகூட லாக்கில் பத்து இருபது மீட்டர் அங்கும் இங்கும் அலைவதாகத் தெரியும். டீக்கடையில் நின்றது ஒரு மணி நேர ஓய்வாகாது. அதே சமயம் மீறலும் ஆகாது. மனிதர் டீ குடிக்கத்தான் செய்வார்.

மீறல் நேரம்னு எதை எழுதறது? ஆரம்பிச்ச நேரமா, நாம கண்டுபிடிச்ச நேரமா?

விதி உடைந்த நொடியை எழுத வேண்டும். இந்த வேலையில் அதிகம் தப்புவது இதில்தான். மூன்று விதிக்கும் அந்த நொடி மூன்று விதமாக வருகிறது.

ரூட்டில், மூன்று வரிகள் பார்த்த பிறகுதான் நமக்கு உறுதியாகிறது. ஆனாலும் எழுத வேண்டியது அந்த மூன்றில் முதல் வரியின் நேரம். உண்மையில் அவர் திரும்பியது அதற்கு முந்தைய வரிக்கும் இதற்கும் நடுவில், அதாவது 30 நொடிக்குள் எங்கேயோ. அதைவிட நுணுக்கமாக இந்த லாக்கால் சொல்ல முடியாது. நேர விதியில், 11 முதல் 1 மணிக்குள் என்று வாக்குக் கொடுத்த பார்சல் 1:07-க்குப் போய்ச் சேர்ந்தால், விதி உடைந்தது 13:00:00-க்கு. 1:07 என்பது அதற்கான ஆதார வரி. இரண்டையும் எழுதுங்கள்.

ஓய்வு விதியில் அந்த நொடிக்கு லாக்கில் வரியே இருக்காது. எங்கள் விதி நான்கு மணி நேரம் வேலை, பிறகு ஒரு மணி நேர ஓய்வு. கிளம்பிய நேரத்தோடு நான்கு மணி நேரத்தைக் கூட்டினால் வருவதுதான் மீறல் நேரம். ரைடர் அப்போது ஒரு சிக்னலில் சும்மா நின்றிருக்கலாம், ஒன்றுமே நடந்திருக்காது. ஆனால் அந்த நொடியில் அவர் கையில் எத்தனை பார்சல் மிச்சம் இருந்தது, அவற்றை யார் ஏற்றி அனுப்பினார்கள் என்ற கேள்விக்கு அந்த நேரம்தான் கதவைத் திறக்கிறது. அவர் கடைசியில் ஓய்வுக்கு உட்கார்ந்த நேரத்தை மீறல் நேரமாகப் போட்டால் பழி முழுவதும் அவர் தலையில் விழும்.

இன்னொன்று. ஒரு மீறலுக்கு ஒரு வரிதான். ஏழு நிமிடம் ரூட்டுக்கு வெளியே இருந்தவர் பேரில் பதினான்கு மீறல் எழுதாதீர்கள். தொடக்கம், முடிவு, ஆதாரம் என்று ஒரே வரியில் எழுதுங்கள்.

சரி, ஒரு நாள் லாக்கை எடுத்து முழுசா செஞ்சு காட்டுங்களேன்.

கிண்டியிலிருந்து சைதாப்பேட்டை, தி. நகர் வழியாகக் கோடம்பாக்கம் போகும் ரூட்டை மாதிரியாக எடுத்துக்கொள்வோம். தேவையான வரிகளை மட்டும் விட்டு வைத்திருக்கிறேன்.

```
time_utc  off_m  acc_m  event
03:38:05      4      6  START
04:51:10    640    850
06:24:10     35      8
06:24:40    260      9
06:25:10    410      8
06:25:40    480     10
06:31:40     90     12
07:37:22     10      7  DELIVERED 118
08:01:15     12      8  BREAK_ON
08:48:50     14      9  ASSIGN 131
08:49:30     12      8  BREAK_OFF
10:40:00      5      6  END
```

முதல் ஓட்டம் ரூட். 04:51:10 வரியில் வட்டம் பெரிது, விட்டுவிடலாம். 06:24:40-இல் 260-இலிருந்து 9 போனால் 251. அடுத்த இரண்டு வரிகளும் 200-ஐத் தாண்டுகின்றன. அங்கிருந்து உள்ளே திரும்பிய 06:31:40 வரை ஒரு மீறல். நம் நேரத்தில் 11:54:40 முதல் 12:01:40 வரை, ஏழு நிமிடம்.

இரண்டாவது ஓட்டம் நேரம். 118-ஆம் பார்சலுக்கு 11 முதல் 1 மணி வரை வாக்கு. நம் நேரப்படி 13:07:22-க்குத்தான் கொடுத்திருக்கிறார். தாமதம் 7 நிமிடம் 22 நொடி. முன்னால் பார்த்த விலகலும் ஏழு நிமிடம்தான். ரைடரைக் கேட்டால் மழைநீர் வடிகாலுக்காகத் தெருவை வெட்டிப் போட்டிருந்ததாகச் சொல்லக்கூடும். இரண்டு மீறலையும் எழுதத்தான் வேண்டும், ஆனால் ஒன்றால் மற்றொன்று வந்திருக்கலாம் என்று குறிப்பில் போடுங்கள். அப்போதுதான் படிப்பவர் இரண்டு தவறு என்று எண்ணமாட்டார்.

மூன்றாவது ஓட்டம் ஓய்வு. 09:08:05-க்குத் தொடக்கம், நான்கு மணி நேரம் கூட்டினால் 13:08:05. அதற்குள் ஓய்வு இல்லை, மீறல் அங்கே திறக்கிறது. 13:31:15-க்கு ஓய்வு, 14:19:30-க்கு மறுபடி வேலை. பட்டியல் இப்படி வரும்:

```
ROUTE  11:54:40 - 12:01:40  max 480 m
TIME   13:00:00 - 13:07:22  parcel 118
BREAK  13:08:05 - 16:10:00  break 48:15, ASSIGN 131 at 14:18:50
```

48 நிமிஷம் ஓய்வு எடுத்தாரே, அப்புறம் ஏன் சாயங்காலம் வரைக்கும் மீறல்னு போட்டிருக்கீங்க?

விதி கேட்பது ஒரு மணி நேரம். அது தொடர்ச்சியாக நிறைவேறினால்தான் நான்கு மணிக் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். இங்கே 11 நிமிடம் 45 நொடி குறைகிறது. அதனால் 13:08:05-க்குத் திறந்த மீறல் மூடவே இல்லை, டிரிப் முடியும் 16:10:00 வரை ஓடுகிறது. 48 நிமிடத்தை நான் மறைக்கவில்லை, அதே வரியில் குறித்திருக்கிறேன். ‘ஓய்வு தாமதம்’, ‘ஓய்வு குறைவு’ என்று இரண்டு வரியாக உடைப்பவர்களும் உண்டு. அப்படிச் செய்தால் இரண்டு சின்னத் தவறுகள் போலத் தெரியும். உண்மையில் அந்த மனிதருக்கு அன்று முழு ஓய்வே கிடைக்கவில்லை.

ஏன் கிடைக்கவில்லை என்பதையும் லாக்கே சொல்கிறது. 14:18:50-க்கு ஹப்பிலிருந்து 131-ஆம் பிக்கப்பை அவருக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். சரியாக 40 நொடியில் அவர் ஓய்வை முடித்துக்கொண்டார். ஓய்வில் இருக்கும் ஆளுக்கு வேலை ஒதுக்கியது ஹப். `BREAK_OFF` வரிக்கு மேலே `ASSIGN` இருக்கிறதா என்று எப்போதும் பாருங்கள். இருந்தால் அந்த மீறலை ரைடரின் கணக்கில் எழுதாதீர்கள்.

இந்த நாலு மணி நேரம், ஒரு மணி நேரம் எல்லாம் ஹப் போட்ட விதியா, சட்டமா?

சட்டத்திலிருந்து எடுத்தது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்பது அதன் பொது அளவு. நான்கு மணி நேரத்துக்கு மேல் வேலை என்றால் நடுவில் குறைந்தது ஒரு மணி நேர ஓய்வு வேண்டும். ஓய்வையும் சேர்த்து, வேலை தொடங்கியதிலிருந்து முடிவது வரை 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. அதற்கு மேல் வேலை வாங்கவும் கூடாது, செய்ய விடவும் கூடாது என்பதுதான் சட்டம் பேசும் விதம். ‘அவரேதான் ஓய்வு வேண்டாம் என்றார்’ என்ற பதில் அதனால் செல்லாது.

ஆப் வழியாக ‘பார்ட்னர்’ என்று சேர்ந்து ஓட்டுபவர்களை நிறுவனங்கள் ஊழியர் என்று ஏற்பதில்லை. 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் கிக் தொழிலாளர் என்று அவர்களைக் குறிப்பிடுகிறது, ஆனால் வேலை நேரத்துக்கு அது வரம்பு வைக்கவில்லை. அவர்களுடைய லாக்கில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம், உடல் எவ்வளவு உழைக்கிறது என்று தெரியும். சட்ட மீறல் என்ற பெயரில் அதைக் கொடுக்க முடியாது.

நடுவுல இருபது நிமிஷம் லாக்கே இல்ல. அதை பிரேக்ல சேர்த்துக்கலாமா?

முதலில் அது நிஜமான இடைவெளிதானா என்று பாருங்கள். லாக்கில் `recorded_at`, `received_at` என்று இரண்டு நேரம் இருக்கும். நெட் இல்லாத இடத்தில் போன் வரிகளைத் தன்னிடமே வைத்திருந்து பிறகு மொத்தமாக அனுப்பும். வந்த நேரப்படி அடுக்கினால் இடைவெளி போலத் தெரியும், பதிந்த நேரப்படி அடுக்கினால் எல்லாம் நிரம்பிவிடும். எல்லாக் கணக்கும் `recorded_at` நேரத்தில்தான்.

அப்படியும் காலியாக இருந்தால், பெரும்பாலும் போனின் பேட்டரி சேமிப்பு ஆப்பை நிறுத்தியிருக்கும். அந்த இருபது நிமிடத்தை மீறல் என்றும் எழுதாதீர்கள், ஓய்வு என்றும் எழுதாதீர்கள். ‘தெரியவில்லை’ என்று தனிப் பட்டியலில் போட்டு ரைடரைக் கேளுங்கள். ஓய்வில் சேர்ப்பது அவருக்குச் சலுகை மாதிரி தோன்றும். ஆனால் ஒரு மணி நேர இடைவெளியை ஓய்வாக எடுத்துக்கொண்டால் நான்கு மணிக் கணக்கு பூஜ்யமாகி, அவரை ஓய்வில்லாமல் ஓட்டியது மறைந்துபோகும்.

போன்ல மணியை மாத்தி வெச்சுட்டா நம்மால கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். ஒரு வரி பதிவாவதற்கு முன்பே சர்வருக்கு வந்து சேர முடியாது. `recorded_at` நேரம் `received_at` நேரத்தைவிடப் பிந்தி இருந்தால் போன் மணி முன்னால் ஓடுகிறது. பின்னால் ஓடினால் இப்படிப் பளிச்சென்று தெரியாது, நெட் தாமதம் போலவே இருக்கும். அங்கே செயற்கைக்கோள் தரும் நேரத்தோடு ஒப்பிட வேண்டும். ஆப் அதையும் பதிகிறதா என்று கேட்டு வையுங்கள்.

மணி மாறியதைக் கண்டதும் திருட்டுத்தனம் என்று முடிவுகட்ட வேண்டாம். தானியங்கி நேரம் அணைந்திருந்தாலே இப்படி ஆகும். வித்தியாசம் நாள் முழுக்க ஒரே அளவாக இருந்தால், மணி முன்னால் ஓடியதற்கு எல்லா வரியிலும் அதைக் கழித்தும், பின்னால் ஓடியதற்குக் கூட்டியும் கணக்குப் போடலாம். டிரிப்பின் நடுவில் திடீரென்று மாறியிருந்தால் மட்டும் அந்த இடத்தைக் குறித்துக் கேளுங்கள்.

உஸ்மான் ரோட்டுல மேம்பாலத்துல போகச் சொன்னா கீழயே போறாங்க. லாக்ல பிடிக்க முடியலையே?

பிடிக்க முடியாதுதான். பாலமும் கீழ்ச்சாலையும் வரைபடத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கின்றன. உயரத்தையும் போன் சொல்லும், ஆனால் அதில் வரும் பிழை பாலத்தின் உயரத்தைவிடப் பெரிதாக இருக்கலாம். வேகத்தை வைத்து ஊகிக்கலாம் என்பார்கள். கீழே சிக்னல் பச்சையாக விழுந்தால் அந்த ஊகமும் போச்சு. லாக்கால் காட்ட முடியாததை விதியாக வைத்தால் அது சந்தேகத்தின் பேரில் ஆளைத் திட்டத்தான் உதவும். பாலம் ஏறுவது அவ்வளவு முக்கியமா என்று முதலில் யோசியுங்கள். கீழே அவருக்கு ஒரு டெலிவரி இருந்திருக்கலாம்.

ரைடர் ‘நான் அங்க போகவே இல்ல’ன்னு சொன்னா என்ன செய்யறது?

மீறல் வரியோடு அதற்கு முன் ஐந்து வரி, பின் ஐந்து வரி எடுத்து அவர் முன்னால் வையுங்கள். துல்லிய எண்ணையும் மறைக்காமல் காட்டுங்கள். நாள் தவறாமல் அதே தெருக்களில் ஓட்டுகிறவருக்கு அந்த நேரத்தில் எங்கே இருந்தோம் என்று பெரும்பாலும் நினைவு இருக்கும். ‘அண்ணே, அது ரயில்வே கேட், மூடியிருந்துச்சு’ என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவார். அவர் சொன்ன காரணத்தை அவருடைய சொற்களிலேயே குறிப்பில் எழுதுங்கள். மீறல் வரியை அழிக்க வேண்டாம், காரணம் அதன் பக்கத்தில் நிற்கட்டும்.

மூல லாக்கில் மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது, நேரத்தைத் திருத்துவதற்காகக்கூட. 5:30 கூட்டுவது, வரியை நீக்குவது எல்லாம் நகலில். நாளைக்கு அவர் வேறு யாரிடமாவது காட்டிச் சரிபார்க்க விரும்பினால் அதே மூலத்திலிருந்து அதே நொடி வர வேண்டும். பட்டியலின் ஒரு பிரதி ரைடரின் போனுக்கும் அன்றே போகட்டும். மாதக் கடைசியில் சம்பளம் பிடிக்கும்போதுதான் அவருக்குத் தெரியவருகிறது என்றால், அந்த நாளில் என்ன நடந்தது என்று அவரால் சொல்ல முடியாது.